கோழி கேட்ட கேள்வி



இம்மாதக் கதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது ஏழு வயதுக்காரர்களுக்கு. நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு வேண்டுகோள்: கதையின் நீதி என்ன என்று முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். முன்னதாகச் சொல்லிவிட்டால் பிள்ளை கதையை விட்டுவிட்டு நீதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளும். கதையின் கீழே மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த மூன்றும் படிகள் மாதிரி. முதல் படியில் கால் வைக்காமல் மூன்றாம் படிக்குத் தாவ முடியாது.

இனி, கதை.

ஒரு செம்பனைத் தோட்டம். அதன் ஓரத்தில் ஒரு கோழிக்கூடு. அந்தக் கூட்டில் ஒரு பெட்டைக்கோழி இருந்தது. கொஞ்ச தூரத்தில் உயரமான கம்பம் ஒன்று நின்றது. கம்பத்தின் உச்சியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு கூகை குடியிருந்தது.

கூகை என்றால் வெள்ளை முகத்து ஆந்தை. பகலில் தூங்கும், இரவில் பறக்கும். "கிரீச்!" என்று கத்தும். அந்தக் குரலைக் கேட்டாலே மற்றப் பறவைகளுக்கு நடுக்கம்.

ஒரு நாள் காலையில் கோழி தன் முட்டைகளை எண்ணிப் பார்த்தது. ஐந்து முட்டை இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது. மறுநாள் எண்ணியது. மூன்றுதான் இருந்தது.

"ஐயோ, என் முட்டை!" என்று கோழி அழுதது.

காகம் பறந்து வந்தது. "இது கூகையின் வேலைதான்! நேற்று இரவு அது உன் கூட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதன் முகத்தைப் பார், திருட்டு முகம்!" என்றது.

"ஆமாம், ஆமாம்" என்றது மைனா. "ஆமாம், ஆமாம்" என்றது அணில்.

எல்லாரும் கூடிக் கம்பத்துக்குப் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த கூகையைக் கொத்தினார்கள். "நான் முட்டை தின்பதில்லையே!" என்றது கூகை. யாரும் கேட்கவில்லை. கூகை அழுதுகொண்டே ஆற்றுக்கு அக்கரை பறந்து போய்விட்டது.

அன்று இரவு எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். காலையில் கோழி எண்ணியது. ஒரே ஒரு முட்டைதான் இருந்தது!

"கூகை போய்விட்டதே, பிறகு யார் எடுத்தது?" என்று கோழி யோசித்தது. மெதுவாக நடந்து கம்பத்தடிக்குப் போனது. அங்கே கறுப்புக் கறுப்பாகக் காய்ந்த உருண்டைகள் கிடந்தன. காலால் கிளறியது. உள்ளே குட்டிக் குட்டி எலும்பு இருந்தது. எலியின் பல் இருந்தது. எலியின் முடி இருந்தது. முட்டை ஓடு ஒரு துண்டுகூட இல்லை.

கோழி காகத்திடம் போய்க் கேட்டது: "கூகை கூரையில் உட்கார்ந்ததைப் பார்த்தாய். சரி. அது முட்டை எடுத்ததைப் பார்த்தாயா?"

காகம் தலையைச் சொறிந்தது. "அதைப் பார்க்கவில்லை" என்றது.

அன்று நிலா வெளிச்சம். கோழி தூங்காமல் இருந்தது. நடு இரவில் இரண்டு எலிகள் வந்தன. கடைசி முட்டையை உருட்டிக்கொண்டு கிளம்பின. "கொக்கரக்கோ!" என்று கோழி கத்தியது. எலிகள் முட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போயின.

விடிந்ததும் கோழியும் காகமும் அக்கரைக்குப் போயின. காகம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டது. கூகை திரும்பி வந்தது. அதன் பிறகு கோழியின் முட்டை ஒன்றுகூடக் குறையவில்லை.

கதை முடிந்தது. இனி, கேள்விகள்.

1. கம்பத்தடியில் கிடந்த உருண்டைக்குள் கோழி என்ன பார்த்தது?

2. கூகை ஏன் கோழிக்கூட்டின் கூரையில் வந்து உட்கார்ந்தது?

3. காகம் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னது. அப்படியானால் காகம் செய்தது சரியா?

பெற்றோர்களே, இனி வருவது உங்களுக்கு.

முதல் கேள்விக்கு விடை கதையிலேயே இருக்கிறது. எலும்பு, பல், முடி என்று பிள்ளை சொன்னால் போதும். சொல்லத் தெரியாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். 'கம்பத்தடி' என்ற சொல் புரியாமல் இருக்கலாம், அல்லது அந்த இடத்தில் கவனம் சிதறியிருக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்துக் காட்டுங்கள். இது தெரியாத பிள்ளையிடம் அடுத்த கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

இரண்டாம் கேள்விக்கு விடை கதையில் எந்த வரியிலும் எழுதப்படவில்லை. தேடிப் பாருங்கள், கிடைக்காது. உருண்டைக்குள் எலியின் எலும்பு இருந்தது ஒரு இடத்தில் வருகிறது. எலிகள் கூட்டுக்கு வந்தது இன்னொரு இடத்தில் வருகிறது. இரண்டையும் பிள்ளை தானே சேர்த்து, "எலி பிடிக்கத்தான் வந்து உட்கார்ந்தது" என்று சொல்ல வேண்டும். ஏழு வயதில் இது சற்றுக் கடினமான வேலைதான்.

"முட்டை தின்ன வந்தது" என்று பிள்ளை சொன்னால், காகத்தின் பேச்சு மட்டும் அதன் காதில் நின்றிருக்கிறது என்று பொருள். "தப்பு" என்று சொல்லாதீர்கள். "கம்பத்தடியில் முட்டை ஓடு கிடந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா உட்கார்ந்தது" என்று சொன்னால் அது ஊகம். "கதையில் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். "எலி பிடிக்க" என்று சரியாகச் சொல்லிவிட்டாலும் உடனே கைதட்டி முடித்துவிட வேண்டாம். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எலும்பைக் காட்டிப் பதில் சொன்னால் பிள்ளை இரண்டாம் படி ஏறிவிட்டது.

மூன்றாம் கேள்விதான் பெரிய கேள்வி. பெரும்பாலும் வரும் முதல் பதில், "காகம் பொய் சொன்னது" என்பது. அது சரியல்ல. கூகை கூரையில் உட்கார்ந்தது உண்மை. காகம் அதைப் பார்த்ததும் உண்மை. ஆனால் காகம் இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்து சொன்னது. "கூகை கூரையில் உட்கார்ந்தது" என்பது பார்த்தது. "கூகை முட்டையைத் திருடியது" என்பது நினைத்தது. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி, "இது பார்த்ததா, நினைத்ததா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அங்கேதான் அதற்கு வெளிச்சம் வரும்.

பிறகு கதையை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். "உன் பென்சிலைக் காணோம். பக்கத்துப் பையன் உன் பைக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தாய். ஆசிரியரிடம் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். "பென்சிலைக் காணோம், அவன் அங்கே நின்றான்" என்று சொன்னால் நல்ல பதில். "அவன்தான் எடுத்தான்" என்றால் காகத்தின் பதில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "யாரைப் பற்றியும் எதுவும் சொல்லக் கூடாது" என்று பிள்ளை புரிந்துகொண்டுவிடக் கூடாது. தன்னையோ மற்றொரு பிள்ளையையோ யாராவது அடித்தாலும் துன்புறுத்தினாலும், நடந்ததை அம்மாவிடம், அப்பாவிடம், ஆசிரியரிடம் உடனே சொல்லத்தான் வேண்டும். நடந்ததைச் சொல்வது குற்றமே இல்லை. நினைத்ததை நடந்ததாகச் சொல்வதுதான் குற்றம்.

பிள்ளைக்கு உண்மையாகவே புரிந்ததா, அல்லது நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. கதையைச் சற்று மாற்றுங்கள். "உருண்டைக்குப் பக்கத்தில் நிறைய முட்டை ஓடு கிடந்திருந்தால் கோழி என்ன நினைத்திருக்கும்?" என்று கேளுங்கள். "அப்படியானால் கூகையைச் சந்தேகப்பட்டிருக்கலாம்" என்று சொல்லும் பிள்ளை யோசிக்கிறது. அப்போதும் "யாரையும் குறை சொல்லக் கூடாது" என்றே சொல்லும் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நாள் கதையை மறுபடி சொல்லுங்கள்.

மூன்று கேள்விகளையும் ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டும் இன்றைக்கு, மூன்றாவது நாளைக்கு என்று வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு நாள் ஊறிய கேள்விக்கு நல்ல பதில் வரும்.

கூகையை ஏன் கதைக்கு எடுத்தேன் என்று கேட்பீர்கள். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நம்மில் இன்னும் பலர் கல்லெடுத்து விரட்டுகிறோம். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் 'பூரோங் ஹந்து', பேய்ப் பறவை என்றுதான் அழைக்கிறார்கள். பஞ்சதந்திரத்திலும், பறவைகள் ஆந்தையை அரசனாக்கப் போகும்போது, "முகத்தைப் பாருங்கள்!" என்று காகம்தான் தடுக்கிறது. ஆனால் நம் புக்கிட் பெலிம்பிங் பக்கம் உள்ளதைப் போன்ற செம்பனைக் காடுகளில் பழக்குலையைக் கொறித்து நாசம் செய்வது எலி. அந்த எலியைப் பிடிப்பது கூகை. அது தானாகக் கூடு கட்டாது. ஆகவேதான் 1980களிலிருந்து நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்து அதைக் குடியேற்றினார்கள். இரையைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். கதையில் கோழி கிளறியது அதைத்தான்.

அப்படி ஒரு பெட்டி உங்கள் பக்கத்தில் இருந்தால், பகலில் பிள்ளையை அழைத்துப் போய்க் காட்டுங்கள். காய்ந்த உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பார்க்கட்டும், கையால் தொட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். எலியின் பல்லைப் பார்த்துவிட்ட பிள்ளை இரண்டாம் கேள்வியை மறக்கவே மறக்காது.

எல்லாம் முடிந்த பிறகு நீதியைச் சொல்லலாம். நம் பாட்டிமார் சொன்னதுதான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

போகிற போக்கில் பிள்ளைக்கு இன்னும் ஒரு கேள்வி விட்டுவைக்கிறேன். எதையுமே பார்க்காமல் "ஆமாம், ஆமாம்" என்று சொன்ன மைனாவும் அணிலும் கூகையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? உங்கள் பிள்ளை என்ன சொல்கிறது என்று, அதன் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் வேறொரு கதையோடு சந்திப்போம்.