எந்தக் கடைசித் தேதி?

செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணம், அக்டோபர் 31க்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அதன் பிறகு 2018 அக்டோபர் அறிவிக்கையின் படிநிலைகள். 2024 சேர்க்கைக்காக யுஜிசி அனுப்பிய சுற்றறிக்கை இவ்வளவுதான். நேரடிக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது என்பது படித்தவுடனே தெரிகிறது. நம் தொலைநிலைக் கல்வி இயக்ககங்களில் சேர்க்கையே செப்டம்பர் இறுதிவரை நடக்கிறது. அதற்குமேலும் நீட்டிப்பு வருவது வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 14,000 ரூபாய். சேர்க்கையின் கடைசித் தேதி செப்டம்பர் 30; பிறகு அக்டோபர் 15 வரை நீட்டிக்கப்பட்டது. மாணவி அக்டோபர் 10 அன்று எழுத்துமூலம் விலகுகிறார். 2018 அறிவிக்கையின் படிநிலைகளில், முதல் தேதியைக் கொண்டால் பத்து நாள் தாமதம்: 80 சதவீதம், 11,200. நீட்டித்த தேதியைக் கொண்டால் ஐந்து நாள் முன்பு: 90 சதவீதம், 12,600. சுற்றறிக்கைப்படி 13,000. பாடநூல் அனுப்பியாயிற்று என்று தனியாக ஒரு தொகை கழிக்கும் அலுவலகங்களும் உண்டு. அறிவிக்கையின் சதவீதமோ மொத்தக் கட்டணத்துக்கு உரியது. நம் நிலைப்பாடு: மாணவருக்கு அதிகம் தரும் கணக்கே சரி. தேதியை நீட்டியவர் நிர்வாகம். அந்தக் குழப்பத்துக்கு மாணவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பணத்தைவிட நம்மை உறுத்துவது அசல் சான்றிதழ்தான். அதே அறிவிக்கையின் விதி தெளிவாக இருக்கிறது: மாணவர் முன்னிலையில் அசலைச் சரிபார்த்து அப்போதே திருப்பித் தர வேண்டும், கோப்பில் சுயசான்றொப்பமிட்ட நகல் போதும். ஆனாலும் படிப்பு மையங்களின் அலமாரிகளில் மதிப்பெண் பட்டியல்கள் கிடக்கின்றன. விலகல் கடிதம் கொடுத்தால், ‘இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்’ என்கிறார்கள். வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு நெருங்கும்போது அந்தப் பிள்ளை கட்டத்தான் செய்யும். இதற்கு அடகு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

யுஜிசி என்ன செய்கிறது? 2018 அறிவிக்கை முதலில் காட்டும் தண்டனை, 12பி மானியத் தகுதியைப் பறிப்பது. மானியமே வாங்காமல் பல்கலைக்கழகத்துக்கு வருவாய் ஈட்டித் தரும் தொலைநிலை இயக்ககத்துக்கு அது ஒரு தண்டனையா? தொலைநிலைப் படிப்பின் அங்கீகாரத்தைத் தொடும் அதிகாரம் ஆணையத்திடம் இருக்கிறது. சான்றிதழைப் பிடித்துவைத்ததற்காக அதை ஒரு முறையாவது எடுத்துக் காட்டியிருந்தால், வருடந்தோறும் சுற்றறிக்கை எழுத வேண்டியிருக்காது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், கல்வி நிறுவனம் தருவது நுகர்வோர் சேவை அல்ல என்று பி.டி.கோஷி வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி எதிர்த்தரப்பு வாசலிலேயே மறிக்கிறது.

ஒருங்கிணைப்பாளர்களிடம் நம் வேண்டுகோள்: உங்கள் மையத்தில் இருக்கும் அசல்களுக்கு இந்த வாரமே பட்டியல் எடுத்து, உரியவரிடம் கையொப்பம் பெற்றுக் கொடுத்துவிடுங்கள். விலகல் கடிதம் வந்தால் தேதி முத்திரையிட்டு ஒப்புகை தாருங்கள். பணம் தருவதற்கான பதினைந்து நாள் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.