முந்திரியின் பெயரில் முதலில் எது?

ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்கும் வாசகி ஒருவர், இணையத்தில் போட்ட சரக்கை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறார்.

அவர் கொடுத்த தலைப்பு, ‘பிரீமியம் தரமான இயற்கை பாரம்பரிய சுவைமிகு முந்திரி வறுத்தது அரை கிலோ’. செல்போனில் தலைப்பின் தொடக்கம் மட்டுமே தெரியும். மீதி மூன்று புள்ளியாக மறைந்துவிடும். உள்ளே இருப்பது முந்திரியா, முறுக்கா என்றே தெரியாது. ‘சுவைமிகு’ என்று யாரும் தேடுவதுமில்லை.

தேடும் சொல் முதலில் வரட்டும்: வறுத்த முந்திரி. அடுத்தது உப்பு. கடைகளில் ‘வறுத்த முந்திரி’ என்றால் பெரும்பாலும் உப்பு போட்டதுதான். ஆதனக்கோட்டையில் கொட்டையை ஓட்டோடு வறுத்து உடைக்கிறார்கள், உப்பு கிடையாது. அதைச் சொல்லாவிட்டால் வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார். விலையை முடிவு செய்வது முழுசா, உடைசலா என்பது, அது மூன்றாவது. ஆங்கிலத்தில் இப்படிப் போடலாம்:

`Roasted Cashew Unsalted Whole 500g`

ஊர்ப் பெயர் கடைசியில் போதும். தஞ்சாவூர் சாலையில் போகிறவருக்குத் தெரிந்த ஊர், டெல்லிக்காரருக்குத் தெரியாதே! சில தளங்கள் பிராண்ட் பெயரை முன்னால் கேட்கும். அங்கே பெயர் ஒரே சொல்லாக இருப்பது நல்லது. பதிவேற்றியதும் வேறொருவர் செல்போனில் தேடி, தலைப்பு எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று பார்க்கவும். ‘Unsalted’ தெரியாவிட்டால் முன்னால் இருப்பதைக் குறைக்க வேண்டும்.