மேட்ச் இல்லாத ஞாயிறு

இந்த ஆண்டு சந்திப்புக்குத் தேதி குறிக்க வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன் போன சந்திப்பைப் பற்றி நான் விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. எவ்வளவு கவனமாகத் தேடி எடுத்த தேதி! மார்ச் 23 வேண்டாம், சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச். மார்ச் 30 வேண்டாம், அன்று தெலுங்கு வருடப்பிறப்பு, மறுநாள் ரம்ஜான், இரவு மறுபடி சென்னை மேட்ச். ஏப்ரல் 5 சனிக்கிழமை மாலை மூன்றரைக்கே சென்னை ஆடியது. ஆக ஏப்ரல் 6. மேட்ச் இல்லை, பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் இல்லை. எல்லோரும் கட்டை விரலை உயர்த்தினீர்கள்.

மறுநாள் ஏப்ரல் 7, பத்தாம் வகுப்பு கணிதப் பொதுத்தேர்வு. முப்பது வருடம் கணக்கு நடத்தியவனை மேடையில் உட்கார வைத்து, கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி வரை ஸ்பீக்கர் பாக்ஸ் அலற விட்டீர்கள்.

நம் பள்ளி தேர்வு மையம். வகுப்பறைகளில் பெஞ்சுகள் இடைவெளி விட்டுப் போடப்பட்டு, பதிவெண் ஒட்டியாகிவிட்டது. அந்த பெஞ்சுகளில் நான்கை விருந்துக்காக வெளியே தூக்கினீர்கள். திரும்ப வைத்தபோது எண் வரிசை மாறிப்போய், அலுவலக உதவியாளர் இரவு எட்டு மணிக்கு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். பள்ளிக்குப் பின் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து, "பொண்ணுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். பத்து நிமிடம் குறைந்தது. பிறகு யாரோ நடனம் ஆடினார்கள். நானும் போர்த்திய சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்தாள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. அதற்கு எனக்கு முகமில்லை.

"பரீட்சை திங்கட்கிழமைதானே சார், நாம வெச்சது ஞாயிற்றுக்கிழமை" என்று ஒருவர் சொன்னார். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. மேட்ச் அடைப்பது சில மணி நேரத்தை. ஏழரை மணி மேட்ச் என்றால் காலையில் கூடி நான்கு மணிக்குக் கலைந்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பண்டிகை அந்த நாளையும் முன்னும் பின்னும் பயண நாளையும் அடைக்கும். தேர்வு அப்படியல்ல. காலை பத்தே காலுக்கு விடை எழுதத் தொடங்குகிற பிள்ளைக்கு முந்தின நாள் முழுவதும் தேர்வுதான். அட்டவணையில் தேர்வில்லாத இடைநாட்கள் ஓய்வுக்கு விட்டவை அல்ல, படிப்பதற்கு விட்டவை. ஆகவே முதல் தேர்வுக்கு முந்தின நாளிலிருந்து கடைசித் தேர்வு வரை ஒரே கோடாகப் போட்டு அடித்துவிட வேண்டும். நீங்கள் நேர்மாறாகச் செய்தீர்கள். நேரத்தை மாற்றித் தப்பித்துவிடக்கூடிய மேட்சை முதலில் பார்த்தீர்கள், எதை மாற்றியும் தப்ப முடியாத தேர்வைப் பார்க்கவே இல்லை.

தெரியாது என்று சொல்ல முடியாது. அந்தப் பொதுத்தேர்வு அட்டவணை 2024 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஐ.பி.எல். அட்டவணை வந்ததோ 2025 பிப்ரவரியில். நான்கு மாதம் முன்னால் வந்த தாளைப் பார்க்காமல், பின்னால் வந்ததை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்.

சரி, வேறு நாள் இருந்ததா? போட்டுப் பார்ப்போம். பிளஸ் டூ தேர்வு மார்ச் 3-ல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு ஏப்ரல் 15-ல் முடிந்தது. இதை முதலில் அடித்துவிட்டால் மார்ச் முழுக்கப் போகிறது, ஏப்ரல் 6-ம் 13-ம் போகின்றன. அடுத்து பண்டிகை: ஏப்ரல் 20 ஈஸ்டர், நம் குழுவில் கிறிஸ்தவ நண்பர்கள் இருக்கிறார்கள், அதுவும் போகிறது. மிச்சம் ஏப்ரல் 27. அன்று சென்னைக்கு மேட்ச்சும் இல்லை. மே 4 நீட் தேர்வு, அதற்கும் ஒரு வாரம் இருக்கிறது. மூன்று வாரம் பொறுத்திருந்தால் எல்லாம் ஒத்து வந்திருக்கும்.

"வெளிநாட்டு நண்பருக்கு லீவு கிடைக்காது" என்றீர்கள். அக்டோபரிலேயே தேதி சொல்லியிருந்தால் அவர் லீவையும் டிக்கெட்டையும் அதற்கேற்ப எடுத்திருப்பார். அப்படியும் முடியாதென்றால் தேர்வு மையமில்லாத ஒரு கல்யாண மண்டபத்தில், குடியிருப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இந்த முறை தேதி முடிவு செய்யும் முன் தேர்வு அட்டவணையைக் குழுவில் முதலில் போடுங்கள். போடாமல் அழைத்தால் நான் வர மாட்டேன். சால்வையை வேறு யாருக்காவது போர்த்துங்கள்.