400 மாணவர்கள் சேர்ந்தால் 'இளைய தலைமுறை' ஆகிவிடுமா?

"இந்தக் காலத்துப் பசங்க யாரும் சாதி பாக்குறதில்லை" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். அதையே ஒரு பேராசிரியர், கையில் ஓர் ஆய்வறிக்கையோடு, "நூற்றுக்கு 80 இளைஞர்கள் சாதி மறுப்புத் திருமணத்தை ஏற்கிறார்கள்" என்று மேடையில் சொல்லும்போதுதான் சிக்கல். அடுத்த வாக்கியம் என்னவென்று நமக்குத் தெரியும். அப்படியானால் ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் எதற்கு? இட ஒதுக்கீடு இன்னும் எத்தனை காலத்துக்கு? சாதியைப் பற்றிப் பேசிப் பேசி நீங்கள்தானே அதை உயிரோடு வைத்திருக்கிறீர்கள்?

அந்த 80 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரியும். முதுகலை படித்தபோது அப்படி ஒன்றை நானே தயாரித்திருக்கிறேன். கூகுள் படிவம் ஒன்றைச் செய்தோம். துறை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். நண்பர்கள் அவரவர் விடுதிக் குழுக்களில் போட்டார்கள். நான்கு நாளில் தேவையான எண்ணிக்கை வந்துவிட்டது. அறிக்கையின் தலைப்பில் மட்டும் "இளைஞர்களின் மனப்பான்மை" என்று எழுதினோம். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. எந்த இளைஞர்கள் என்று வழிகாட்டியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படிக் கைக்கு எட்டியவர்களைக் கேட்டு எடுப்பதை ஆய்வுமுறையில் வசதி மாதிரி என்பார்கள். வசதி ஆய்வாளருக்கு. பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் மாணவர்கள். செலவில்லை, பயணமில்லை, வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள்.

இது நம் ஊர்ச் சோம்பேறித்தனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலக உளவியலே இதன்மேல்தான் கட்டப்பட்டது. மனித நடத்தையின் அறிவியல் என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் கல்லூரி இரண்டாமாண்டு மாணவர்களின் நடத்தை பற்றிய அறிவியல்தான் என்று குவின் மெக்நெமர் 1946-லேயே குத்திக்காட்டினார். 40 ஆண்டு கழித்து, 1986-ல், டேவிட் சியர்ஸ் அதே புகாரைச் சமூக உளவியலின் முன்னணி இதழ்களை எண்ணிப் பார்த்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. 2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் அமெரிக்காவின் முதன்மையான உளவியல் இதழ்களை அலசினார். ஆய்வுக்குட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்திய தொழில்மயமான நாடுகளைச் சேர்ந்தவர்கள், 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்கள் மட்டுமே. இவர்களை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட வாக்கியங்களோ "மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்" என்றே தொடங்கின.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பொருளியலில் ஒரு விளையாட்டு உண்டு. இருவர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். முதலாமவரிடம் 100 ரூபாய் தருகிறோம். அதில் ஒரு பங்கை இரண்டாமவருக்குத் தருவதாக அவர் சொல்ல வேண்டும். இரண்டாமவர் ஏற்றால் சொன்னபடி இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு முறைதான், பேரம் கிடையாது. 1982-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இதை முதலில் ஆடியவர்கள் பொருளியல் மாணவர்கள். பிறகு பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆடினார்கள். முடிவு ஏறத்தாழ ஒன்றுபோல வந்தது: கொடுப்பவர் 40 முதல் 50 வரை தருகிறார், 20-க்குக் கீழே தந்தால் பெறுபவர் கோபத்தோடு பெரும்பாலும் மறுத்துவிடுகிறார். உடனே ஒரு பெரிய முடிவுக்கு வந்தார்கள். நியாய உணர்வு மனித இயல்பு, சமமற்ற பங்கீட்டைத் தண்டிப்பது நம் இரத்தத்தில் ஊறியது என்றார்கள். நாடு நாடாகச் சோதித்தாயிற்றே, வேறென்ன வேண்டும்? நாடுதான் மாறியது. ஆள் மாறவில்லை, எல்லா இடத்திலும் மாணவன்தான்.

1990-களின் நடுவில் ஜோசப் ஹென்ரிக் இதே விளையாட்டைப் பெருவின் அமேசான் காட்டில், மச்சிகெங்கா மக்களிடம் கொண்டுபோனார். அவர்கள் தந்தது சராசரியாக 26. பலர் 15 மட்டுமே தந்தார்கள். அதைப் பெற்றவர்கள், ஏறத்தாழ எல்லோரும், மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். சும்மா வரும் பணத்தை எதற்காக வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. முதலாமவராகும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது, எனக்கு அமையவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு 15 சிறு சமூகங்களில் ஆடிப் பார்த்தார்கள். இந்தோனேசியாவில் கூட்டாகத் திமிங்கலம் வேட்டையாடும் லமலேரா மக்கள் சராசரியாகப் பாதிக்கும் மேலே தந்தார்கள். பப்புவா நியூ கினியின் அவு, நாவ் மக்களிடம் இன்னும் வியப்பு: பாதிக்கு மேல் தருவதாகச் சொன்னாலும் சிலர் மறுத்தார்கள். பெரிய கொடையை வாங்குவது அங்கே கடன்படுவது, தந்தவருக்குக் கீழ்ப்படிவது. எதற்கு வம்பு என்று மறுத்துவிட்டார்கள். மாணவர்களிடம் மறுப்பு என்றால் "எனக்குக் குறைத்துவிட்டாய்" என்ற கோபம். இவர்களிடம் அதே மறுப்பு "என்னை அடிமைப்படுத்தாதே" என்ற எச்சரிக்கை. கொலோனிலிருந்தும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்தும் இன்னும் பத்தாயிரம் மாணவர்களைக் கூட்டி வந்திருந்தாலும் இந்த இரண்டாவது பொருள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆனாலும் நம் ஆய்வாளர்கள் எண்ணிக்கையைத்தான் காட்டுவார்கள். "400 பேரைக் கேட்டோம், பிழை வரம்பு ஐந்து விழுக்காடுதான்" என்பார்கள். அந்த ஐந்து என்ற கணக்கு, குலுக்கல் முறையில் ஆளெடுத்தால் மட்டும் பொருந்தும். எல்லோருக்கும் தேர்ந்தெடுக்கப்பட வாய்ப்பு இருந்து, யார் சிக்குவார் என்பதைத் தற்செயல் முடிவு செய்தால் ஏற்படும் தடுமாற்றத்தைத்தான் அது அளக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலேயே இல்லாதவர் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு சுழியம். 400-ஐ 4,000 ஆக்கினால் பிழை வரம்பு ஒன்றரை விழுக்காடாகச் சுருங்கியதுபோலத் தெரியும். அவருடைய வாய்ப்பு அப்போதும் சுழியம்தான். தவறான இடத்தில் இன்னும் துல்லியமாகக் குறிபார்த்து அடிக்கிறோம், அவ்வளவே.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 18 முதல் 23 வயதினரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4. தோராயமாக 100 இளைஞர்களில் 28 பேர் கல்லூரியில், 72 பேர் வெளியே. நம் படிவம் குறையேதும் இல்லாமல் கல்லூரி மாணவர் அனைவரையும் சரியாகப் பிரதிபலித்தது என்றே வைத்துக்கொள்வோம் (அது நடக்காது, வாதத்துக்காக). அவர்களில் 80 விழுக்காட்டினர் சாதி மறுப்புத் திருமணத்தை ஏற்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது 100 இளைஞரில் 22 பேர். வெளியே இருக்கும் 72 பேர் என்ன நினைக்கிறார்கள்? படிவத்துக்குத் தெரியாது. ஒருவர்கூட ஏற்கவில்லை என்றால் விடை 22 விழுக்காடு. எல்லோரும் ஏற்கிறார்கள் என்றால் 94. ஆக, இந்த ஆய்வு "இளைஞர்கள்" பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது, விடை 22-க்கும் 94-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான். சேர்க்கை விகிதம் 47 ஆக உள்ள தமிழ்நாட்டில் இந்த இடைவெளி சுருங்கும், ஆனாலும் 38-க்கும் 91-க்கும் இடையில்தான் நிற்கும். இதற்கு ஆய்வு எதற்கு?

அந்த 72 பேர் தற்செயலாக வெளியே நின்றுவிடவில்லை என்பதுதான் இதில் சாதி நுழையும் இடம். அதே ஆண்டில் பட்டியல் சாதியினரின் சேர்க்கை விகிதம் 25.9, பழங்குடியினருக்கு 21.2. கல்லூரி வாசல் ஒரு சல்லடை. பட்டறைக்குப் போனவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர், காதல் விவகாரம் தெரிந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண் என எல்லோரையும் அது வடிகட்டிவிட்ட பிறகுதான் நம் படிவம் போய்ச் சேருகிறது. கடைசியாகச் சொன்ன அந்தப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். சாதி மறுப்புத் திருமணம் பற்றிய ஆய்வில், அந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்தவர் மாதிரியில் இல்லை. அவர் இல்லாததற்குக் காரணமும் அந்தக் கேள்விதான்.

உள்ளே இருப்பவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு. கல்லூரி என்பது எது சரியான பதில் என்று கற்றுக்கொள்ளும் இடமும்கூட. "சாதி பார்ப்பீர்களா?" என்று கேட்டால் எந்த மாணவனும் "ஆமாம்" என்று டிக் அடிக்க மாட்டான். இதற்கு மாறாக 2011-12-ல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வைப் பாருங்கள். நாடு முழுக்க 42,000-க்கும் அதிகமான வீடுகளுக்குப் போய்க் கேட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம் இன்னொன்று கேட்டார்கள்: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் உங்கள் அடுக்களைக்குள் வரலாமா, உங்கள் பாத்திரங்களைப் புழங்கலாமா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கில் ஒரு வீட்டுக்கும் மேலே, 27 விழுக்காடு, தீண்டாமை வெளிப்பட்டது. மாணவனின் கருத்து படிவத்தில் இருக்கும். அடுக்களை யார் கையில் இருக்கிறது என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மாணவர்களை வைத்துச் செய்யும் ஆய்வெல்லாம் குப்பை அல்ல. "எல்லா மனிதருக்கும் இது பொருந்தும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அதை உடைக்க ஒரு வகுப்பறை போதும். சோதனையில் மாணவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தால், அந்த வகுப்பறைக்குள் எது எதனால் நிகழ்ந்தது என்பதை உறுதியாகவே சொல்லலாம். அந்த விளைவு எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்குமானால் மாணவரிடம் கிடைத்த விடை மற்றவர்க்கும் பொருந்தும். ஒரே அளவில் இருக்குமா என்பதுதான் கேள்வி. வயது, படிப்பு, வருமானம், சாதி இவற்றால் மாறும் விளைவு என்றால், ஏறத்தாழ ஒரே வயதும் ஒரே படிப்பும் கொண்ட கூட்டத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. சாதி பற்றிய ஆய்வில் விளைவு சாதியால் மாறாது என்று கருதிக்கொண்டு தொடங்குகிறவரை என்ன சொல்வது?

நம் பக்கமும் சுத்தமில்லை, தோழர்களே. நம் பக்கங்களில் நாம் நடத்தும் கருத்துக்கணிப்புகளில் வாக்களிப்பவர்கள் நம்மை ஏற்கெனவே பின்தொடர்பவர்கள். அதில் வரும் 90 விழுக்காட்டை "மக்கள் தீர்ப்பு" என்று நாம் பகிரும்போது, அந்தப் பேராசிரியர் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

என் பழைய அறிக்கை இன்னும் ஒரு நூலக அலமாரியில் இருக்கும். அதன் தலைப்பை மாற்ற முடிந்தால் இப்படி மாற்றுவேன்: "ஒரு நகரத்துக் கல்லூரியின் முதுகலை மாணவர்களில், எங்கள் நண்பர்களுக்குத் தெரிந்தவர்களும் கைப்பேசியில் படிவம் நிரப்ப மனமிருந்தவர்களும், தாங்கள் என்ன செய்வோம் என்று சொல்லிக்கொண்டது." அந்தத் தலைப்போடு போயிருந்தால் யாரும் அதை மேடையில் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள்.