நட்டம் என்கிறார்கள், எந்தச் செலவை வெட்டப் போகிறார்கள்?



தேயிலை விலை இறங்கினால் தோட்டக் காரியாலயத்திலிருந்து வரும் முதல் வார்த்தை "செலவைக் குறைக்க வேண்டும்" என்பதுதான். அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் எந்தச் செலவை என்று நம் கமிட்டிகள் திருப்பிக் கேட்பதில்லை. பெரும்பாலும் உரம் குறைகிறது, லயத்துக் கூரைத் தகரம் மாறுவதில்லை, கான் வெட்டு நிற்கிறது, சேவைக்காலப் பணம் தள்ளிப் போகிறது. நட்டத்திற்குப் பெரிய காரணமான செலவுகள் இவைதானா? இல்லை. வெட்டுவதற்கு எளிதானவை என்பதால் இவற்றில் கை வைக்கிறார்கள். நாம் பேச வேண்டியது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

தோட்டச் செலவில் ஒரு பகுதி கொழுந்தோடு கூடும், குறையும். கொழுந்து எடுக்கும் கூலி, விறகு, பொதி செய்யும் பை எல்லாம் இந்த வகை. இது மாறும் செலவு. இன்னொரு பகுதி, கொழுந்து கூடினாலும் குறைந்தாலும் அந்த வருடத்தில் அப்படியே நிற்கும். இது நிலையான செலவு. இந்த நிலையான செலவுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு.

முதலாவது கட்டுப்பட்ட நிலையான செலவு. முன்பே செய்த முடிவாலோ சட்டத்தாலோ கட்டப்பட்டது. இந்த வருடம் நினைத்தாலும் விலக முடியாது. அரசுக்குக் கட்டும் காணிக் குத்தகை, வங்கிக் கடன் வட்டி, மாதச் சம்பளக்காரர்களின் சம்பளம் போன்றவை. இரண்டாவது தற்றுணிபு நிலையான செலவு. ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டம் போடும்போது முகாமை தன் முடிவில் ஒதுக்குவது. உரம், கான் வெட்டு, முள்ளுக்குத்து, கட்டடத் திருத்தம், பயிற்சி, பங்களாப் பராமரிப்பு எல்லாம் இதில் அடங்கும். உரத்தை எத்தனை ஹெக்டயருக்கு எவ்வளவு என்று வருடத் தொடக்கத்திலேயே தீர்மானிப்பதால் அதையும் இங்கேதான் வைக்க வேண்டும்.

நம் வீட்டிலும் இதே கணக்குத்தான். கடன் தவணைக்கு வாரா வாரம் ஆள் வந்து நிற்கிறார். அதை நிறுத்த முடியாது. பிள்ளையின் கண்ணாடியையும் அப்பியாசக் கொப்பியையும் நிறுத்தினால் கதவைத் தட்ட யாரும் வருவதில்லை. அந்த நட்டம் சாதாரண தரப் பரீட்சையில்தான் தெரிகிறது. சுலபமாக வெட்டலாம் என்பது வேறு, வெட்டினால் இலாபம் என்பது வேறு.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட தோட்டம் இது, தொகைகளும் அதற்காகவே. 200 ஹெக்டயர் தேயிலை, சொந்தத் தொழிற்சாலை, வருடத்திற்கு 2,40,000 கிலோ தயாரித்த தேயிலை. கிலோ 1,200 ரூபாவுக்கு விற்றால் வருமானம் 2,880 இலட்சம். கிலோவுக்கு மாறும் செலவு 600 ரூபா என்றால் 1,440 இலட்சம் போய், 1,440 இலட்சம் மிஞ்சும். நிலையான செலவு 1,300 இலட்சம். ஆகவே இலாபம் 140 இலட்சம்.

இப்போது விலை பத்து சதவீதம் இறங்கி 1,080 ரூபா ஆகிறது. வருமானம் 288 இலட்சம் குறைகிறது. 140 இலட்ச இலாபம் 148 இலட்ச நட்டமாக மாறுகிறது. அந்த 1,300 இலட்சம் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. அதனால்தான் விலையில் பத்து சதவீதம் இறங்கியதும் இலாபம் முழுவதும் போய் நட்டமே வந்துவிட்டது.

அந்த 1,300 இலட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். கட்டுப்பட்டது 880 இலட்சம். இதில் மாதச் சம்பளம் 330, காணிக் குத்தகை 40, கடன் வட்டி 130, காப்புறுதியும் காவலும் 50, இயந்திரம் கட்டடங்களின் பெறுமானத் தேய்வு 150, தலைமைக் காரியாலயத்திற்கு முகாமைக் கட்டணம் 100, சேவைக்காலப் பண ஒதுக்கு 80. தற்றுணிபு 420 இலட்சம். இதில் உரம் 160, முள்ளுக்குத்து, கான் வெட்டு, இடைநடுகை 90, லயம், பாதை, கட்டடத் திருத்தம் 60, தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பு 50, பங்களா, வாகனம், விருந்தோம்பல், பயிற்சி 60.

முகாமையின் கண் நேரே 420இல் பெரிய தொகையான உரத்தில் விழும். பாதியாக வெட்டினால் 80 இலட்சம் உடனே மிச்சம். ஆனால் இந்தத் தோட்டத்தில் ஒரு கிலோ தேயிலை குறைந்தால் 480 ரூபா போகும். அதாவது 1,080இல் மாறும் செலவு 600ஐக் கழித்த மீதி. 80 இலட்சத்தை 480ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16,700 கிலோ. மொத்த விளைச்சலில் இது 7 சதவீதம். உரம் பாதியானதால் அடுத்த வருட விளைச்சல் 7 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் அந்தச் சிக்கனமே நட்டம். 10 சதவீதம் குறைந்தால் 24,000 கிலோ, 115 இலட்சம் போய்விடும். 80ஐ மிச்சம் பிடித்து 115ஐ இழந்த கதை.

விளைச்சல் அந்த அளவுக்கு விழுமா என்று கேட்பவர்கள் 2021ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அந்த வருடம் சேர்ந்துகொண்டது உண்மை. முழுப் பழியும் உரத்தின் மேல் அல்ல. ஆனால் 16 சதவீத வீழ்ச்சி என்பது சின்ன விடயமல்ல. தடையை விலக்கிய பிறகும் செடி உடனே எழுந்துவிடவில்லை.

இந்த நட்டத்தில் கம்பனியின் பங்கு மட்டும் கணக்குப் புத்தகத்தில் வரும். நம் பங்கு மடுவத்தில் தெரியும். கொழுந்து இல்லாத மலையில் நாள் முழுக்க நின்றாலும் குறித்த கிலோ சேராது, முழுப்பேர் அரைப்பேராகும். உரத்தை வெட்டியவரின் பெயர் அந்த அரைப்பேருக்குப் பக்கத்தில் எழுதப்படுவதில்லை.

அப்படியானால் எதைக் குறைக்கலாம்? எதையும் தொடக்கூடாது என்று தொழிற்சங்கம் சொன்னால் அது பொறுப்பான பேச்சல்ல. ஒரு வருடம் தள்ளினால் பின்னால் அதிகம் இழக்க வேண்டியிராத செலவுகள் உண்டு. பங்களா, வாகனம், விருந்தோம்பல், பயிற்சி என்ற 60 இலட்சத்தை 25 ஆக்கலாம், 35 மிச்சம். கட்டடங்களுக்கு வர்ணம் பூசுவதையும் அவசரமில்லாத பாதை வேலையையும் தள்ளிவைத்தால் 20 மிச்சம். ஒழுகும் கூரை அந்தக் கணக்கில் சேராது. ஒழுகலை ஒரு மழைக்காலம் விட்டால் மரமும் உளுத்து, தகரம் மாற்றும் வேலை கூரையே மாற்றும் வேலையாகும். முள்ளுக்குத்திலும் இடைநடுகையிலும் தாங்கக்கூடிய மலைகளைத் தெரிந்து 20 குறைக்கலாம். கானைத் தொடக்கூடாது. கான் அடைபட்டு ஒரு மழையில் போன மேல்மண்ணை எந்தப் பணத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இயந்திரப் பராமரிப்பையும் விட முடியாது. கொழுந்து நிறைந்த நாளில் உலர்த்தி நின்றால் அன்றைய கொழுந்து முழுவதும் பழுதாகும்.

இதுவரை மிச்சம் 75 இலட்சம். இனிக் கட்டுப்பட்ட செலவின் பக்கம் வருவோம். அங்கே கைவைக்கவே முடியாது என்று சொல்வார்கள். உண்மைதானா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்க வேண்டும். குத்தகையும் வட்டியும் கட்டுப்பட்டவைதான். வங்கியிடம் தவணையை நீட்டிக் கேட்கலாம், ஆனால் அது வேறு பேச்சு. தலைமைக் காரியாலயத்தின் முகாமைக் கட்டணம் அப்படியல்ல. தோட்டத்தின் பார்வையில் அது கட்ட வேண்டிய பில். ஆனால் வாங்குவதும் கம்பனிக் குழுமம், தீர்மானிப்பதும் கம்பனிக் குழுமம். அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையை அவர்களே மாற்றலாம். அதைப் பாதியாக்கினால் 50 இலட்சம். மொத்தம் 125. நட்டம் 148இலிருந்து 23 இலட்சமாக இறங்குகிறது. உரத்தில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெறுமானத் தேய்வு என்ற 150 இலட்சம் இந்த வருடம் யார் கைக்கும் போகும் காசல்ல. முன்பே வாங்கிய இயந்திரத்தின் விலையை வருடங்களுக்குப் பங்கிட்டு எழுதுவது. அதை வெட்டவும் முடியாது, அதற்காகக் காசு தேடவும் வேண்டாம். 23 இலட்சம் நட்டம் என்று எழுதிய அதே வருடத்தில் அந்தத் தோட்டத்தின் கையில் 127 இலட்சம் காசு மிஞ்சியிருக்கும். கடன் முதலின் தவணையை அதிலிருந்து கட்ட வேண்டும். மறு நடுகைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனாலும் "நட்டம்" என்ற சொல்லும் "காசில்லை" என்ற சொல்லும் ஒன்றல்ல.

கடைசியாக சேவைக்காலப் பணம். இதைத் தற்றுணிபுச் செலவு போல நடத்தும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியாக்கிய நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்திற்கும் 14 நாள் சம்பளம் உரியது. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தபோது 20 வருட வேலைக்கு அது 3,78,000 ரூபாவாக இருந்தது. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் சேரும். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் அப்படியே. இவற்றைத் தள்ளிப்போடுவதால் செலவு குறைவதில்லை. வட்டியில்லாமல் நம்மிடம் கடன் வாங்குவதாகத்தான் அது ஆகிறது.

ஆகவே அடுத்த முறை "செலவைக் குறைக்கிறோம்" என்ற அறிவித்தல் வந்தால் தலைவர்மார் ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொண்டு போகட்டும். ஒரு பக்கம் கட்டுப்பட்டது, மறு பக்கம் தற்றுணிபு. ஒவ்வொரு வரிக்கும் இந்த வருடம் எவ்வளவு மிச்சம், அடுத்த வருடம் எத்தனை கிலோ குறையும் என்று துரையிடமே கேட்டு எழுதட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத வெட்டுக்குக் கமிட்டி சம்மதிக்கக் கூடாது.