மணக்கும் என்று எழுதுங்கள், போக்கும் என்று எழுதாதீர்கள்

"வேப்பிலையின் தெய்வீக நறுமணம். ஏற்றிய நிமிடமே நுளம்புகளை விரட்டும். மன அழுத்தத்தைப் போக்கும். ஆழ்ந்த உறக்கம் தரும். இல்லத்தில் நேர்மறைச் சக்தியை நிறைக்கும்."

இதை எழுதினது வேற ஆரும் இல்லை, நாங்கள்தான். நீர்வேலியில் எங்கட தோழி ஒருத்தி வீட்டுக் குசினியில் மெழுகுதிரி வார்த்து முகநூலில் விற்கிறாள். படம் எடுத்துக் குடுத்தம், விபரமும் எழுதிக் குடுத்தம். பத்து நிமிச வேலை. மற்றப் பக்கங்களில் கிடந்த வசனங்களைப் பொறுக்கி ஒட்டினதுதான் உண்மை. மாரி மழை தொடங்கின கிழமையில் ஒரு அக்கா உள்பெட்டியில் கேட்டா: "தங்கச்சி, பிள்ளைக்கு ரண்டு வயசு. இதைக் கொளுத்தினா நுளம்புவலை கட்டத் தேவையில்லையோ?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுறது என்று தெரியாமல் நாங்கள் நாலு பேர் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிச்சம். "விளம்பரம் எண்டா அப்படித்தான், சனத்துக்குத் தெரியும்" என்று ஒருத்தன் சொன்னான். சனத்துக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் அந்த அக்கா கேட்டிருக்க மாட்டா. அவ கேட்டபடியால் எங்களுக்குத் தெரிய வந்தது. கேட்காமல் வாங்கிக் கொண்டுபோய் வலையைக் கழற்றி வச்சவை எத்தினை பேரோ.

நுளம்புக் கதையை முதலில் முடிச்சுவிடுவம். டெங்கைக் காவுற ஈடிஸ் நுளம்பு பகலில் கடிக்கிறது. விடிஞ்ச கையோடயும் பொழுதுபடுறதுக்கு முன்னமும்தான் அதுக்கு மும்முரம். மணமெழுகுதிரியை எங்கட சனம் கொளுத்துறது விளக்கு வச்ச பிறகு, அதாவது அந்த நுளம்பு தன் வேலையை அனேகமாக முடிச்ச பிறகு. ஊரோ வாழைத்தோட்ட ஊர். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு மட்டுமில்லை, வாழை மடல் இடுக்கில் தேங்குற தண்ணியே அந்த இனத்தில் ஒன்றுக்குப் போதும். இதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குவளையில் எரியுற திரி என்ன செய்யும்? 2017இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டெங்கு பரப்புற அதே ஈடிஸ் எஜிப்டி நுளம்பை வைத்து, கடையில் விற்கிற நுளம்பு விரட்டிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். தோலில் பூசுகிற சில மருந்துகள் நன்றாக வேலை செய்தன. சிட்ரோனெல்லா மெழுகுதிரி நுளம்பு வருவதைக் குறைக்கவே இல்லை. சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு நுளம்பை விலத்துற குணம் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தோலில் பூசும்போது. மெழுகில் கரைத்து எரித்தால் அந்த ஆவி காற்றோடு போய்விடும். திண்ணையில் என்றால் கேட்கவே வேண்டாம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. பூச்சியை விரட்டும், கொல்லும் என்று சொல்லி ஒரு பொருளை விற்றால், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். விற்கிறவர் வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தக்கூடாது என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. குசினியில் வார்க்கிற பிள்ளையை ஆர் வந்து பிடிக்கப்போகினம் என்று நீங்கள் கேட்கலாம். பிடிக்காமல் விடலாம். வலையைக் கழற்றின வீட்டில் நுளம்பு கடிக்காமல் விடுமோ?

சரி, நுளம்பு வரியைத் தூக்கியாச்சு. மற்ற மூன்று வரிக்கும் என்ன செய்தது? அந்த வசனங்களின் வினைச்சொல்லைப் பார்த்தம். போக்கும், தரும், நிறைக்கும். ஒன்றிலும் மெழுகுதிரி மணக்கவில்லை. எல்லாம் வாங்குகிறவரின் உடம்பையும் மனதையும் வீட்டையும் பற்றின வாக்குறுதி. மணச்சொல் என்பது மூக்கு சரிபார்க்கக்கூடியது. "எலுமிச்சம் இலையைக் கசக்கின மாதிரி இருக்கும்" என்றால், பெட்டியைத் திறந்தவுடன் ஓம் என்றோ இல்லை என்றோ அவ சொல்லலாம். "மன அழுத்தத்தைப் போக்கும்" என்பதை அவ எப்படிச் சரிபார்ப்பா? போகாவிட்டால் தன்னில்தான் பிழை என்று நினைப்பா. நித்திரை வராமல் மாசக்கணக்காகக் கஷ்டப்படுகிற ஒருத்தருக்கு, வைத்தியரிடம் போக வேண்டிய ஒருத்தருக்கு, 1,450 ரூபாய் மெழுகுதிரியைக் காட்டுறது சின்னப் பிழை இல்லை. ஒரு மணம் ஆளை ஆறுதலாக்குவது உண்டு, அதை மறுக்கவில்லை. அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்தால் வருகிற கற்பூர மணத்துக்கு எங்களில் ஒருத்தி அழுதே விடுவாள். ஆனால் அது அவளின் நினைவு செய்கிற வேலை. அதைப் போத்தலில் அடைத்து விபரத்தில் எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

இனி "வேப்பிலை". அந்த மெழுகுதிரியில் 180 கிராம் சோயா மெழுகு, 12 கிராம் சிட்ரோனெல்லா மணஎண்ணெய், ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய். வேப்பெண்ணெயின் மணம் அறிஞ்சவை சிரிப்பினம். அது உள்ளியும் கந்தகமும் கலந்த கனத்த மணம், தலையில் வச்சால் ரண்டு நாளைக்குப் போகாது. நல்லகாலம், இந்த மெழுகுதிரியில் அது தெரியவே இல்லை. தெரியாத ஒன்றைத் தலைப்பில் போட்டிருந்தம். மல்லிகை மெழுகுதிரியும் அப்படித்தான். ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேணும், அதன் விலைக்கு இந்த விலையில் மெழுகுதிரி விற்கேலாது. வருவது ஆய்வுகூடத்தில் சேர்த்த மல்லிகை மணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மல்லிகை மணம்" என்று எழுதினால் உண்மை, "தூய மல்லிகையில் செய்தது" என்று எழுதினால் பொய். எங்கட ஊரில் சந்தனக்குச்சி என்கிற பேரே அப்படித்தான் ஓடுது, அதில் சந்தனம் தேடுகிற ஆள் ஒருத்தரும் இல்லை. ஊரறிந்த பேர் ஏமாற்று இல்லை. அதோடு ஒட்டுகிற "அசல்", "நூறு வீதம் இயற்கை" என்பவைதான் ஏமாற்று.

பிறகு மணத்தை மூக்கால் எழுதிப் பார்த்தம். மூன்று பேரைக் கூப்பிட்டு, என்ன மெழுகுதிரி என்று சொல்லாமல், பேரை மறைத்து நீட்டினம். முதலில் கொளுத்தாமல், பிறகு யன்னல் சாத்தின பத்துக்குப் பத்தடி அறையில் கொளுத்தி அரை மணித்தியாலம் கழிச்சு. கொளுத்தாதபோது வருகிற மணமும் எரியும்போது வருகிற மணமும் ஒன்றில்லை. சோயா மெழுகு வார்த்த அடுத்த நாள் மணமே வராது, ரண்டு கிழமை வச்சால்தான் பிடிக்கும், ஆகவே பழசைத்தான் நீட்டினம். ஒரு அன்ரி "எலுமிச்சந்தோல், பச்சைப் புல்" என்றா. தம்பி ஒருத்தன் "நிலம் துடைக்கிற மருந்து" என்றான். தோழிக்கு முகம் விழுந்து போச்சு. மூன்றாவது ஆள் "சவர்க்காரம் போட்டுத் தோய்ச்ச துவாய்" என்றார். மூன்றும் ஒரே மணத்தைத்தான் சொல்லுது. அன்ரியின் சொல்லையும் துவாயையும் எடுத்தம். நிலம் துடைக்கிற மருந்தை விட்டம், ஆனால் அந்தப் பக்கம் போகிற மணம் என்று தெரியாமல் வாங்கினவர் ஏமாறக்கூடாது என்றபடியால் "காரமான, சுத்தமான" என்று சேர்த்தம்.

ஒரு விசயம்: நாங்கள் எழுதின "நறுமணம்" என்ற சொல்லை அந்த மூன்று பேரில் ஒருத்தரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சாமானைக் காட்டி "மணக்குது" என்றால் பாதி நேரம் அது நாறுது என்றுதான் அர்த்தம். நல்லதென்றால் வாசம். மீனுக்கு வெடுக்கு, மிளகாய் வறுத்தால் கமறல், காய்ஞ்ச மண்ணில் முதல் தண்ணி விழுந்தால் அதுக்கொரு வாசம். இவ்வளவு சொல் கையில் இருக்க, "தெய்வீகம்", "மயக்கும்", "சொர்க்கம்" என்று எழுதுவது சோம்பல். எந்த மெழுகுதிரிக்கும் பொருந்துகிற சொல் எந்த மெழுகுதிரியையும் காட்டாது.

எரியுற நேரத்தையும் அளந்தம். "50 மணித்தியாலம்" என்று போட்டிருந்தம், ஆர் எண்ணினது என்று கேட்டால் பதில் இல்லை. தராசில் வச்சு நாலு மணித்தியாலம் எரிச்சுத் திரும்பவும் வச்சால் 24 கிராம் குறைஞ்சிருந்தது. மணித்தியாலத்துக்கு ஆறு. 192 கிராமுக்கு 32 வரும், அடியில் மிஞ்சுறதைக் கழிச்சால் முப்பதுக்குள்ள. இருபது மணித்தியாலம் பொய்யாய் விற்றிருக்கிறம்.

சாம்பிராணி விற்கிற நண்பர்களுக்கும் ஒரு சொல். "காற்றைச் சுத்திகரிக்கும்" என்ற வரியை எடுங்கோ. அது புகை. ஊதுபத்தி வகைகளை அளந்த ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரையில், ஒரு கிராம் எரிந்தால் சராசரி 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வருகிறது, சிகரெட்டில் ஒரு கிராமுக்கு 10 மில்லிகிராம் என்று கணக்குக் குடுத்திருக்கினம். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த வரி ஆபத்து. சாம்பிராணி தணலில் விழுந்தவுடன் பால்க்கட்டி இனிப்பு மாதிரி ஒரு வாசம் வரும், தணல் கூடினால் தொண்டை கமறும். அந்த இரண்டையும் எழுதுங்கோ, "யன்னல் திறந்து வைக்கவும்" என்றும் எழுதுங்கோ. பூசைக்கு வாங்குகிறவர் அதுக்காக வாங்காமல் விடப்போவதில்லை.

இப்படி எழுதினால் விற்காது என்று ஒரு கட்சி எங்களுக்குள்ளேயே இருக்கு. அவை சொல்வதில் ஞாயம் இருக்கு: "மணமுள்ள மெழுகுதிரி, 192 கிராம்" என்று எழுதினால் ஒருத்தரும் நின்று பார்க்காயினம். ஆனால் நாங்கள் சொல்வது வெறுமையாக எழுதச் சொல்லி இல்லை. இப்ப பக்கத்தில் கிடக்கிற விபரம் இது:

"எலுமிச்சந்தோலும் கசக்கின பச்சைப் புல்லும் சேர்ந்த வாசம். காரமான, சுத்தமான பக்கம், இனிப்பு இல்லை. எரியத் தொடங்கி அரை மணித்தியாலத்தில், தோய்ச்சுக் காயப்போட்ட துவாயை நினைவூட்டும். சின்ன அறைக்கு அளவு, திண்ணையில் தெரியாது. சிட்ரோனெல்லா மணஎண்ணெய், சோயா மெழுகு. ஏறத்தாழ 30 மணித்தியாலம், ஒரு தரத்தில் நாலுக்கு மேல் வேண்டாம். நுளம்புக்கு இது மருந்து இல்லை, வலையைக் கட்டுங்கோ."

கடைசி வசனத்தைத் தோழி விடமாட்டன் என்று நின்றாள். "என்ர சாமானை நானே குறைச்சுச் சொல்லோணுமோ?" என்று கேட்டாள். நாங்களும் முதலில் எடுத்துவிட நினைச்சம். பிறகு அந்த அக்காவின் செய்தியைத் திரும்ப வாசிச்சுப் போட்டு, விட்டிட்டம். அக்காவுக்கும் அதையே பதிலாக அனுப்பினம். அவ வலை கட்டிறன் எண்டு எழுதினா, மெழுகுதிரி வாங்கேல்லை.