கருவேலம்புதரில் கிடந்த பலகை

ஊர்ச்சாலை ஒன்று செப்பனிடப்பட்டதற்காகச் செய்தியாளர் ஒருவருக்குப் பாராட்டு விழா எடுப்பது மிகையென்று சிலருக்குத் தோன்றலாம். பணியைச் செய்தவர் ஒப்பந்ததாரர், ஆணையிட்டவர் அதிகாரி, செய்தியாளர் எழுதியவை சில பத்திகளே. ஆயினும் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை இரண்டு மழைக்காலங்களாகக் குண்டும் குழியுமாகக் கிடந்தபோது, அதைப் படம்பிடித்துப் பரப்பியவர் பலர். கிராமசபையில் முறையிட்டவர்களும் மறியலில் அமர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் கிடைத்த விடை ஒன்றே: "நிதி வந்ததும் பார்ப்போம்." அவ்விடை சரிதானா என்று ஆராய்ந்தவர் இவர் ஒருவரே. பாராட்டு அதற்குரியது.

குழியைக் கண்டவர் எவரும் குழியைப் பற்றி எழுதிவிடலாம். சாலை யாருடையது என்பதையே இவர் முதலில் தேடினார். ஓர் ஊரைச் சுற்றி ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறையின் சாலை என மூவகையும் இருக்கக்கூடும். உரியவர் இன்னாரென அறியாமல் எழுதும் செய்தி, அலுவலகம் அலுவலகமாகத் தள்ளப்பட்டே மறைந்துபோகும். சாலையின் தொடக்கத்தில் சீமைக்கருவேலம்புதருக்குள் சாய்ந்து கிடந்த தகவல் பலகையை அவர் துடைத்துப் படித்தார். அது பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலை. பணி முடிந்த நாளும் அதில் இருந்தது. அந்நாளிலிருந்து மூன்றாண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

இத்திட்டத்தில் சாலையை அமைக்கும் ஒப்பந்ததாரரே, பணி முடிந்தபின் ஐந்தாண்டுகள் அதைப் பராமரிக்கவும் வேண்டும். அதற்குரிய தொகையும் ஒப்பந்தத்திலேயே அடங்கும். ஆகவே, புது நிதிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இதை அறிந்த அன்றே எழுதியிருந்தால் ஊர் பரபரப்படைந்திருக்கும். அவர் எழுதவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு ஒன்றை அனுப்பினார். "சாலை ஏன் இவ்வளவு மோசமாக உள்ளது?" என்று அதில் கேட்டிருந்தால் பயனிருந்திராது, அச்சட்டம் பெற்றுத் தருவது ஆவணங்களில் உள்ள தகவலையே அன்றி விளக்கங்களை அன்று. ஒப்பந்தத்தின் நகல், பராமரிப்புக்கென வழங்கிய தொகை, ஆய்வுக் குறிப்புகள் ஆகிய மூன்றை மட்டும் கேட்டார். சட்டம் வகுத்த 30 நாள்களுக்குள் விடை வந்தது. ஓராண்டுப் பராமரிப்புத் தொகை வழங்கப்பட்டிருந்தது. அதற்குச் செய்த பணியைக் குறிக்க வேண்டிய பக்கமோ வெறுமையாக இருந்தது.

அதன்பின்னும் அவர் ஒப்பந்ததாரரை நேரில் சந்தித்தார். இது எளிய செயலன்று. சத்தீஸ்கரின் பீஜப்பூர் மாவட்டத்தில் சாலைப் பணியின் முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த செய்தியாளர் முகேஷ் சந்திராகர் 2025 சனவரியில் கொலையுண்டதை நாடறியும். எனினும், குற்றம் சாட்டப்படுபவரின் மறுமொழி இல்லாத செய்தி பாதிச் செய்தியே என்பதில் இவர் உறுதியாக இருந்தார். "கல்குவாரி லாரிகள்தாம் சாலையைக் கெடுத்தன" என்றார் ஒப்பந்ததாரர். செய்தியாளர் அதையும் புறந்தள்ளாமல், அளவு நாடாவுடன் சாலை முழுவதும் நடந்தார். லாரிகள் மூன்று கிலோமீட்டரும் ஓடுகின்றன. பெருங்குழிகளோ சிறுபாலத்தை ஒட்டிய நானூறு மீட்டருக்குள்ளேயே இருந்தன. பாலத்தின் குழாய்கள் மண்மூடிக் கிடந்ததால் மழைநீர் சாலைமீதே தேங்கியிருந்தது. தேங்கிய நீர், கல்லைப் பற்றியிருக்கும் தாரை நெகிழச் செய்யும். அதன்பின் சிறு சுமையும் குழி பறிக்கும். பாலக் குழாயைத் தூர்வாருவதும் பராமரிப்புப் பணியே. வளைவொன்றில் சாலையின் விளிம்பு நொறுங்கியிருந்ததற்கு லாரிகளே காரணம் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

செய்தி வெளியான வாரத்திலேயே குழிகளில் செம்மண்ணும் சரளையும் கொட்டப்பட்டன. ஊரார் மகிழ்ந்து நன்றி கூறினர். பெரும்பாலான செய்திகள் இந்த இடத்தில்தான் 'செய்தி எதிரொலி' என்ற தலைப்புடன் முடிந்துவிடுகின்றன. இவர் அடுத்த மழைவரை காத்திருந்து, சரளை கரைந்தோடிய அதே குழிகளை மீண்டும் அளந்து, இரண்டாம் செய்தியை எழுதினார். முதற்செய்தியைவிட இதுவே சிறந்ததெனக் கருத இடமுண்டு. அதன் பின்னரே முறையான பணி நடந்தது. முதலில் குழாய்கள் தூர்வாரப்பட்டன. குழிகளின் ஓரங்கள் சதுரமாக வெட்டப்பட்டு, ஈரமும் தளர்ந்த கற்களும் நீக்கப்பட்டன. தார்ப்பூச்சு இட்டு, கலவையை அடுக்கடுக்காக நிரப்பி உருளையால் இறுக்கினர்.

தகவல் பலகையும் புதரிலிருந்து எடுத்து நிமிர்த்தி நடப்பட்டுள்ளது. அதிலுள்ள கணக்கின்படி, ஒப்பந்ததாரரின் பொறுப்பு முடிய இன்னும் ஈராண்டுகள் உள்ளன. அந்நாளைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் செய்தியாளர், அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அளவு நாடாவுடன் மீண்டும் ஒருமுறை நடக்கவிருக்கிறார்.